பாதி பேட்டரி மிச்சம் இருக்கையில் பாட்டு ஏன் நின்றது?

தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள். செந்தூலில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின் இருக்கையில் கயிற்றால் கட்டிய ஒரு மரப்பெட்டி. கொண்டு வந்தவர் நான் சிறுவயதிலிருந்து பார்த்த பையன், இப்போது ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவில் வேலை. நண்பர்களோடு சேர்ந்து பத்துமலைக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுவார். பந்தலில் பாட்டுப் போட, சக்கரம் வைத்த ஒரு 12 வோல்ட் ஒலிபெருக்கி. அதற்குப் பழைய மடிக்கணினி பேட்டரிகளைப் பிரித்து, அவரே ஒரு பேட்டரிப் பெட்டி செய்திருந்தார்.

"அண்ணே, மூனு மணி நேரம் ஓடணும். ஒன்றரை மணி நேரத்துல நின்னுடுச்சு. ஆனா பேட்டரி பாதி இருக்கு. அதான் ஒன்னும் புரியல."

எப்படி நின்றது என்று கேட்டேன். பாட்டு மெதுவாகப் போகும்போது ஒன்றும் இல்லையாம். உறுமி தொடர்ந்து உருண்டு, ஒலியும் கூட்டி வைத்திருந்தால் பட்டென்று நின்றுவிடுமாம். சுவிட்சை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் பாடுமாம். அடுத்த உறுமி வரும்வரைதான். காவடியோடு வந்தவர்கள் பந்தலுக்கு நேராக வரும்போதெல்லாம் நின்றதில் பையனுக்கு அவமானம். பக்கத்துப் பந்தலில் ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள், வேறு.

"செல் எல்லாம் நல்ல செல்தானா?"

"டெஸ்ட் பண்ணாம ஒன்னுகூடப் போடலண்ணே." கைப்பேசியைத் திறந்து ஓர் அட்டவணையைக் காட்டினார். மெச்சத்தான் வேண்டும். ஒன்பது செல்கள், ஒவ்வொன்றுக்கும் எண், எந்தக் கணினியிலிருந்து எடுத்தது, அளந்த கொள்ளளவு எவ்வளவு என எல்லாம் இருந்தது. புதிதில் 2600 மில்லி ஆம்பியர்-மணி தாங்கிய செல்கள் அவை. இப்போது மூன்று 2250ஐ ஒட்டியும், மற்ற ஆறும் 2180க்கும் 2230க்கும் இடையிலும் இருந்தன. கொள்ளளவு நெருங்கியவற்றை மூன்று மூன்றாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த மூன்று கூட்டத்தையும் தொடரில் இணைத்திருக்கிறார். பாதுகாப்புப் பலகையும் போட்டிருக்கிறார். ஏதாவது ஒரு கூட்டம் 2.8 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்தப் பலகை மின்சாரத்தைத் துண்டித்துவிடும். புத்தகப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அட்டவணையில்தான். அதில் ஒரு பத்தி இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்த் தடை வந்து பழகிய நமக்கு இதைத் தொட்டியை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது கீழே இறங்கும் குழாய் எவ்வளவு அகலம் என்பது வேறு கேள்வி. குழாய்க்குள் துரு படிந்து பென்சில் அளவு ஓட்டைதான் மிஞ்சியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு வாளியை வைத்துவிட்டு இரவு முழுக்கச் சொட்டவிட்டால் தொட்டித் தண்ணீர் முழுவதும் வந்துவிடும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது என்று அளவும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் காலையில் குளிக்க நின்று குழாயை முழுக்கத் திறந்தால் தலை நனையாது.

லிதியம் செல்லுக்குள்ளும் அப்படி ஒரு தடை இருக்கிறது. உள்மின்தடை என்பார்கள். மின்சாரம் வெளியே வரும்போது செல்லே தன் வோல்ட்டில் ஒரு பகுதியை உள்ளேயே தின்றுவிடுகிறது. எவ்வளவு தின்னும் என்பது, இழுக்கும் ஆம்பியரை அந்தத் தடையால் பெருக்கினால் வரும். கொஞ்சமாக இழுத்தால் கொஞ்சம் தின்னும், நிறைய இழுத்தால் நிறையத் தின்னும்.

பையன் கொள்ளளவை அளந்த சார்ஜர் அரை ஆம்பியரில் அளக்கும் வகை. 4.2 வோல்ட் வரை ஏற்றி, பிறகு அரை ஆம்பியராக இறக்கி, 2.8 வோல்ட் வரும்வரை எவ்வளவு வந்தது என்று கூட்டிச் சொல்லும். ஒரு செல் அதற்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இரவெல்லாம் வாளி வைத்துச் சொட்டவிடுவது இதுதான். செல்லின் உள்தடை 200 மில்லி ஓம், அதாவது 0.2 ஓம் என்று மிக மோசமாக இருந்தால்கூட, அரை ஆம்பியரில் அது தின்னுவது 0.1 வோல்ட் மட்டுமே. லிதியம் செல்லின் வோல்ட் கடைசிக் கட்டத்தில் செங்குத்தாகச் சரியும். அந்தச் சரிவில் 0.1 வோல்ட் முன்னதாக நின்றால் இழப்பது ஏதோ சில பத்து மில்லி ஆம்பியர்-மணிதான். 2250ஓடு 2300ஐ ஒப்பிட்டு யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆக, கெட்டுப்போன செல் ஒன்று நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

அன்று மாலையே பெட்டியைப் பிரித்து அளந்தோம். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. மூன்று தசம இடம் காட்டும் மல்ட்டிமீட்டர் ஒன்று, 2 ஓம் 25 வாட் மின்தடை ஒன்று, தடித்த ஒயர், செல்லைப் பிடிக்க ஒரு பிடிப்பான். மின்தடை சூடாகும், ஆகவே கையில் பிடிக்காமல் ஓடு மேல் வைத்தோம்.

செய்முறை இதுதான். எல்லாச் செல்களையும் ஒரே அளவுக்கு, சுமார் 3.9 வோல்ட்டுக்கு, ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா விட வேண்டும். சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் வோல்ட் நிலைபெற்றிருக்காது, செல்லும் சூடாக இருக்கும். பிறகு ஒன்றும் இணைக்காமல் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 2 ஓமை இணைத்து, சரியாகப் பத்தாவது வினாடியில் வோல்ட்டை மறுபடி குறியுங்கள். மீட்டரின் முனைகள் செல்லின் உலோகத்தையே தொட வேண்டும். பிடிப்பானின் கம்பியையோ ஒயரையோ தொடக் கூடாது. தொட்டால் அவற்றின் தடையும் செல்லின் கணக்கில் ஏறிவிடும். மின்சாரம் போகும் பாதை வேறு, அளக்கும் பாதை வேறு என்று நான்கு முனைகளாகப் பிரிப்பதுதான் இந்த அளவையின் உயிர்.

முதலில் 2190 காட்டிய செல் ஒன்று. சும்மா இருக்கையில் 3.900 வோல்ட். பத்து வினாடிக்குப் பிறகு 3.770. ஓடிய மின்சாரம் 3.77ஐ 2ஆல் வகுத்தால் 1.885 ஆம்பியர். விழுந்தது 0.13 வோல்ட். 0.13ஐ 1.885ஆல் வகுத்தால் 0.069 ஓம், அதாவது 69 மில்லி ஓம். பழைய மடிக்கணினி செல்லுக்கு இது மரியாதையான எண்.

அடுத்து, அட்டவணையில் முதலிடம் பிடித்த 2250 செல். சும்மா இருக்கையில் இதுவும் 3.900. பத்தாவது வினாடியில் 3.550. விழுந்தது 0.35 வோல்ட். மின்சாரம் 1.775 ஆம்பியர். வகுத்தால் 197 மில்லி ஓம்.

பையன் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அளந்தார். அதே எண்தான். அந்தக் கூட்டத்தின் மற்ற இரண்டும் 182, 204. மிச்சம் ஆறும் 69க்கும் 74க்கும் நடுவில் இருந்தன.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மாமா, செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "சக்கரத்தச் சுத்தியால தட்டிப் பார்ப்போம்ல, அதேதான்" என்றார். விரிசல் விட்ட சக்கரம் எடையில் குறையாது, பார்வைக்கும் நன்றாக இருக்கும், தட்டினால்தான் ஓசை மாறும். நான் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

இப்போது பந்தலில் நடந்ததைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஒலிபெருக்கி சராசரியாக 2 ஆம்பியர்தான் இழுக்கும். பெட்டியின் கொள்ளளவு ஆறரை ஆம்பியர்-மணி என்பதால் மூன்று மணி நேரம் என்று பையன் போட்ட கணக்கில் தவறில்லை. ஆனால் உறுமி உருளும்போது தேவை 15 ஆம்பியர் வரை ஏறுகிறது. பக்க இணைப்பில் மூன்று செல்கள் பகிர்ந்துகொள்வதால் செல்லுக்கு 5 ஆம்பியர் வீதம்.

நல்ல கூட்டத்தில் மூன்று செல்களும் சேர்ந்து தரும் தடை ஏறக்குறைய 24 மில்லி ஓம். 15 ஆம்பியரில் 0.36 வோல்ட் விழும். பாதி காலியான நிலையில் செல் 3.65 வோல்ட்டில் இருந்தால், சுமையின்போது 3.29 நிற்கும். பிரச்சினை இல்லை. மோசமான கூட்டத்தின் தடை 65 மில்லி ஓம். அதே 15 ஆம்பியரில் விழுவது 0.97 வோல்ட். 3.65லிருந்து 0.97 போனால் 2.68. பாதுகாப்புப் பலகையின் எல்லை 2.8. பலகை தன் கடமையைச் செய்து துண்டித்துவிட்டது. பாட்டு நின்றதும் இழுப்பு இல்லை, இழுப்பு இல்லையென்றால் விழுவதும் இல்லை, எனவே வோல்ட் உடனே 3.65க்கு ஏறிவிட்டது. பையன் மீட்டரை வைத்துப் பார்க்கும்போது எப்போதும் பாதி பேட்டரி இருந்தது இதனால்தான். முழுதாக ஏற்றிய முதல் ஒன்றரை மணி நேரத்தில் 4 வோல்ட்டை ஒட்டி இருந்ததால் 0.97 விழுந்தும் 3 வோல்ட்டுக்கு மேலே தப்பித்துக்கொண்டிருந்தது.

தொடர் இணைப்பில் ஒரு கூட்டம் படுத்தால் பெட்டியே படுத்தது போலத்தான். மற்ற ஆறு செல்களிலும் இருந்த மின்சாரம் யாருக்கும் பயன்படவில்லை.

இதில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. செல் உள்ளே தின்னும் வோல்ட் காணாமல் போவதில்லை, சூடாக மாறுகிறது. 5 ஆம்பியர் ஓடும்போது நல்ல செல்லில் சுமார் 1.75 வாட், மோசமான செல்லில் ஏறக்குறைய 4.9 வாட். விரல் அளவுள்ள ஒரு பொருளுக்கு இது சாதாரணச் சூடு அல்ல, அதுவும் மூடிய மரப்பெட்டிக்குள். உறுமி விட்டு விட்டு உருண்டதும், பலகை துண்டித்ததும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. நேராகச் சொல்வதென்றால், மடிக்கணினி செல்லிடம் 5 ஆம்பியர் கேட்பதே அதன் எல்லையை உரசும் காரியம். பையனிடம் அதையும் சொன்னேன்.

சரி, அந்த மூன்று செல்கள் மட்டும் ஏன் இப்படி ஆயின? அட்டவணையிலேயே பதில் இருந்தது. மூன்றும் ஒரே கணினியிலிருந்து வந்தவை. ஓர் அலுவலக மேசையில் ஆண்டுக்கணக்கில் சார்ஜரோடு இணைத்தே வைத்திருந்த கணினி. அதன் பேட்டரியை யாரும் இறக்கிப் பயன்படுத்தவே இல்லை. எப்போதும் நிறைந்த நிலை, எப்போதும் கணினியின் சூடு. லிதியம் செல்லுக்கு இரண்டும் சேர்ந்தால் ஆகாது. கரித் தகட்டின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய படலம் இருக்கும், அது தடித்துக்கொண்டே போகும். அடுத்த முனையின் பரப்பும் மாறும், நடுவில் உள்ள திரவமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும். லிதியத்தைச் சேர்த்து வைக்கும் இடம் பெரும்பாலும் அப்படியே இருக்க, அது போய்வரும் வழி மட்டும் குறுகிவிடும். தொட்டி பழையபடி, குழாயில் துரு. அன்றாடம் ஏற்றி இறக்கி உழைத்த செல்லுக்குக் கொள்ளளவு குறைந்தும், தடை அவ்வளவாக ஏறாமலும் இருக்கலாம். எல்லா செல்லும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. அதனால்தான் ஓர் எண்ணைப் பார்த்து இன்னோர் எண்ணை ஊகிக்க முடிவதில்லை.

இந்த இடத்தில் வாசகர்களில் சிலர், "என் சார்ஜரே உள்தடையைக் காட்டுகிறதே" என்று சொல்லக்கூடும். நான்கு செல் போடும் இடத்தோடு விற்கும் பல சார்ஜர்கள் அந்த எண்ணைக் காட்டுகின்றன. பையனிடம் இருந்ததும் காட்டியது. முதல் தடவை 110 காட்டியதாம். எடுத்துவிட்டுப் போட்டால் 64. மறுபடி போட்டால் 147. இதை நம்ப முடியாது என்று அந்தப் பத்தியையே அட்டவணையிலிருந்து அழித்துவிட்டார். முடிவு தவறு, ஆனால் சந்தேகம் சரி. ஸ்பிரிங் வைத்த அந்த இழுப்பானில் செல் தொடும் இடத்தின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. நாம் தேடுவது மில்லி ஓம்களை. சற்று அழுக்கான முனை ஒன்று அதையே பத்து பத்தாகக் கூட்டிக் காட்டும். முனைகளைத் துடைத்து, நான்கைந்து தடவை போட்டு எடுத்து, அவற்றில் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டால் ஓரளவு பயன்படும். தொடும் இடம் தடையைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது.

அடுத்த பொறி இதைவிட நுட்பமானது. உள்தடை அளக்கவே தயாரித்த கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. நான்கு முனையும் இருக்கும், எண்ணும் ஆடாமல் நிற்கும். அவை செல்லுக்குள் வினாடிக்கு ஆயிரம் சுற்று வரும் மாறுமின்சாரத்தை அனுப்பி அளக்கின்றன. அவ்வளவு வேகத்தில் செல்லுக்குள் இருக்கும் வேதியியல் பங்கெடுக்க நேரமே இல்லை. உலோகம், திரவம் இவற்றின் தடை மட்டுமே தெரியும். நாம் பத்து வினாடி இழுத்து அளந்தபோது வேதிவினையின் தாமதமும், லிதியம் நகரும் தாமதமும் சேர்ந்தே வந்தன. ஆகவே இரண்டு எண்களும் ஒத்துப்போகா. மின்கருவிகளில் பயன்படும் சாம்சுங் 25ஆர் என்ற செல்லின் தயாரிப்பாளர் குறிப்பிலேயே, மாறுமின்சாரத்தில் சுமார் 13 மில்லி ஓம், நேர்மின்சாரத்தில் சுமார் 22 என்று இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. புதுச் செல்லிலேயே அவ்வளவு வித்தியாசம்.

எங்கள் மூன்று செல்களையும் பிறகு அப்படியொரு கருவியில் வைத்துப் பார்த்தேன். 88, 92, 96. நல்லவை 46, 47, 49. நல்லதும் கெட்டதும் இங்கேயும் பிரிந்து தெரிகின்றன. ஆனால் 92 என்ற எண்ணைத் தனியாகப் பார்ப்பவர் இதை இத்தனை மோசம் என்று நினைக்க மாட்டார். சுமையில் அது 197ஆக நடந்துகொள்கிறது. ஆகவே பழைய செல் விற்பவர் "அறுபது மில்லி ஓம்" என்றால், எந்த அறுபது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் நீங்களே அளக்கும்வரை அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. உங்கள் அட்டவணையில் இரண்டு முறைகளையும் ஒரே பத்தியில் கலக்கவும் வேண்டாம்.

சூடும் எண்ணை மாற்றும். செல் சூடாக இருந்தால் தடை குறைந்து காட்டும், குளிர்ந்தால் கூடும். பாதியை நண்பகல் வெயிலில் ஐந்தடியிலும், மீதியை இரவில் குளிரூட்டிய அறையிலும் அளந்தால் நீங்கள் தரம் பிரிப்பது செல்லை அல்ல, வானிலையை. அதேபோல், ஏறக்குறைய காலியான செல்லில் தடை திடீரென்று ஏறும். எல்லாவற்றையும் ஒரே அளவு ஏற்றி, ஒரே அறையில், ஒரே அமர்வில் அளப்பதுதான் வழி.

எத்தனை மில்லி ஓம் வரை நல்லது என்று கேட்டால் எல்லாச் செல்லுக்கும் பொதுவான எண் எதுவும் கிடையாது. மின்துளைக் கருவியின் செல்லுக்கு 50 என்றால் அது கிழம். மடிக்கணினி செல்லுக்கு அதே முறையில் அளந்த 70 நல்ல எண். அதனால் ஒரே வகைச் செல்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். புதிதில் இருந்த அளவு தெரிந்தால் அதனோடு ஒப்பிடுங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் சுமை இழுக்கும் வேலைக்கு, இரண்டு மடங்கு வரை மெதுவான வேலைக்கு, அதற்கு மேல் போனால் பெட்டி கட்டுவதற்கு இல்லை. என் அனுபவத்தில் வந்த கணக்குதான், சட்டம் இல்லை.

மெதுவான வேலை என்றேன். கொள்ளளவு மட்டும் பார்த்தாலே போதும் என்ற இடமும் இருக்கிறது. 2014இல் பெங்களூரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தூக்கியெறிந்த மடிக்கணினி பேட்டரிகளைப் பிரித்து, மின்சாரம் சரியாகக் கிடைக்காதவர்களுக்கு விளக்கு செய்துகொடுத்தார்கள். ஊர்ஜார் என்று பெயர். எறிந்தவற்றில் குறைந்தது 70 விழுக்காடு, ஓர் எல்.இ.டி. விளக்கை நாளுக்கு நான்கு மணி நேரம் வீதம் ஓராண்டு எரியவைக்கும் என்பது அவர்களின் கணிப்பு. அது ஏன் முடிந்தது என்றால், விளக்கு இழுப்பது மிகக் கொஞ்சம். 0.2 ஆம்பியர் என்று வையுங்கள். எங்கள் 197 மில்லி ஓம் செல்லில்கூட அது விழவைப்பது 0.04 வோல்ட். சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறவனுக்குக் குழாயின் அகலம் எதற்கு? நம் பையன் செய்தது, விளக்குக்கான தேர்வை வைத்து உறுமிக்கு ஆள் எடுத்தது.

உள்தடையை மட்டும் நம்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு. தடை குறைவாக, கொள்ளளவும் நன்றாக இருக்கும் செல், உள்ளே தனக்குத்தானே மெல்லக் கசிந்துகொண்டிருக்கலாம். தட்டுகளுக்கு நடுவே ஊசிமுனை அளவு இணைப்பு உருவாகிவிட்டால் அப்படி நடக்கும். பத்து வினாடிச் சோதனையில் அது தெரியாது. இதற்குக் குறுக்குவழி இல்லை. 4.2 வோல்ட்டுக்கு ஏற்றி, தேதியை எழுதி ஒட்டி, உலோகம் உரசாத பெட்டியில் மூன்று வாரம் வைத்துவிட்டு அளக்க வேண்டும். நல்லவை எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். ஒன்று மட்டும் 4.1க்குக் கீழே இறங்கியிருந்தால் அதை எந்த வேலைக்கும் எடுக்காதீர்கள். சார்ஜில் இருக்கும்போது தொட்டால் சுடும் செல்லுக்கும் இதே தீர்ப்பு. அதற்கு மில்லி ஓம் அளந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பையனின் சேமிப்பில் வேண்டாம் என்று ஒதுக்கிய செல்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. கொள்ளளவு 2050தான் என்று ஒதுக்கியவை. அளந்து பார்த்தால் 70, 72, 75. மூன்று வாரம் காத்திருந்தோம், மூன்றும் அசையவில்லை. மதிப்பெண் அதிகம் வாங்கிய மூன்றைக் கழற்றிவிட்டு இவற்றைப் போட்டார். கணக்குப்படி பெட்டியின் கொள்ளளவு குறைந்துவிட்டது, ஆறரைக்குப் பதில் ஆறுக்குச் சற்றுமேல். ஒரு சனிக்கிழமை மாலை வாசலில் வைத்து உறுமிப் பாட்டாகத் தேர்ந்து போட்டார். ஒலியும் குறைக்கவில்லை. இரண்டே முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பலகை துண்டித்தது. அதற்குள் எதிர்வீட்டு அம்மா இரண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கழற்றிய மூன்றில் இரண்டை, ஒரு சின்னப் பாதுகாப்புப் பலகையோடு, சாமி மேடைக்கு மேல் எரியும் விளக்குக்குப் பக்க இணைப்பில் போட்டிருக்கிறார். மூன்றாவது, 204 காட்டியது, சார்ஜ் ஏறும்போது லேசாகச் சுட்டது. லிதியம் பேட்டரிக் கழிவை நம் நாட்டுச் சட்டம் அட்டவணைக் கழிவுகளில் சேர்த்திருக்கிறது, வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. அதன் இரு முனையிலும் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்கத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.

அட்டவணையில் இப்போது இரண்டு பத்திகள் கூடியிருக்கின்றன. ஒன்றில் மில்லி ஓம், இன்னொன்றில் அளந்தபோது அறையின் வெப்பம்.